பள்ளியில் துன்புறுத்தல் எங்கே நடக்கிறது: சர்வேயையும் புகார்ப் பதிவேட்டையும் சேர்த்துப் படிப்பது எப்படி

கேள்வி: எங்கள் பள்ளியில் 6 முதல் 10 வரை 800 பிள்ளைகள். புல்லியிங் புகார்ப் பதிவேட்டில் இரண்டு மாதத்தில் 19 பதிவுதான் இருக்கிறது, ஆனால் பெற்றோர் சொல்வது வேறு மாதிரி இருக்கிறது. சர்வே எடுத்தால் உண்மை தெரியுமா? எந்த வகுப்பில், எந்த இடத்தில் அதிகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

முதலில் அந்த 19-ஐ எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் ஒரு வரி ஏறுவதற்கு முன்னால் பல காரியங்கள் நடந்தாக வேண்டும். பிள்ளைக்குச் சொல்லத் துணிவு வர வேண்டும், அல்லது பெரியவர் ஒருவர் கண்ணில் பட வேண்டும். கேட்டவர் "சின்னப் பசங்க சண்டை" என்று தள்ளிவிடாமல் இருக்க வேண்டும். எழுத அவருக்கு நேரம் வேண்டும். எழுதினால் தன் வகுப்புக்குக் கெட்ட பெயர் வரும் என்ற பயமும் இருக்கக்கூடாது. இதில் எது அறுந்தாலும் பதிவு இல்லை. ஆகவே பதிவேடு காட்டுவது எத்தனை துன்புறுத்தல் நடந்தது என்பதை அல்ல, பள்ளியின் காதுக்கு எத்தனை எட்டியது, அதில் எத்தனை எழுதப்பட்டது என்பதை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியூயார்க் ஒரு சாட்சி. அந்த மாநிலத்தில் ஒவ்வொரு பள்ளியும் துன்புறுத்தல் நிகழ்வுகளை அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2013-14 கல்வியாண்டில் நியூயார்க் நகரப் பள்ளிகளில் சுமார் 70 சதவீதம் "ஒன்றுகூட இல்லை" என்று கணக்குக் கொடுத்திருந்தன. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் இதைச் சுட்டிக்காட்டியது. ஒரு முழு ஆண்டில் ஒரு பிள்ளைகூடச் சீண்டப்படாத பள்ளிகள் அத்தனை இருக்க முடியாது என்பது யாருக்கும் தெரியும். அவை எழுதாத பள்ளிகள்.

சர்வே இதற்கு எதிர்ப்பக்கம். பெயர் எழுதாத தாளில் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். ஆனால் யார், யாரை, எந்த நாளில் என்று அது சொல்லாது. அதை வைத்து ஒரு பிள்ளையைக்கூட நேரடியாகக் காப்பாற்ற முடியாது. ஆகவே இரண்டில் எது உண்மை என்று பார்க்க வேண்டாம். இரண்டையும் இடம் இடமாக, நேரம் நேரமாகப் பக்கத்தில் வைத்து, எங்கே இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள். பள்ளியின் கண் படாத இடங்கள் அந்த இடைவெளியில்தான் இருக்கும்.

வினாத்தாளைப் பற்றிச் சொல்கிறேன். இந்தத் துறையில் அதிகம் பயன்படுவது நார்வேயின் பெர்கன் நகரில் பணியாற்றிய டான் ஓல்வேயஸ் உருவாக்கிய வினாத்தாள். 1982 கடைசியில் வடக்கு நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் தொல்லை காரணமாக இருக்கலாம் என்று நாடே அதிர்ந்தது. 1983-ல் நாடு தழுவிய இயக்கம் தொடங்கியபோதே இந்த அளவீடும் தொடங்கியது. அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, "கடந்த இரண்டு மாதத்தில்" என்பது போலக் காலத்தை வரையறுப்பது. இன்னொன்று, எத்தனை முறை என்று கேட்பது. விடைகள் ஐந்து: நடக்கவில்லை, ஒன்றிரண்டு முறை, மாதத்தில் இரண்டு மூன்று முறை, வாரத்துக்கு ஒரு முறை, வாரத்தில் பல முறை. மாதத்தில் இரண்டு மூன்று முறையும் அதற்கு மேலும் குறித்தவர்களைத்தான் தொடர்ந்து துன்புறுத்தப்படுபவர்கள் என்று எண்ணுவது வழக்கம். சோல்பெர்க், ஓல்வேயஸ் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கோட்டுக்கு ஆதாரம் காட்டியது. இந்தக் கோட்டை நீங்கள் மாற்றினால் உங்கள் சதவீதம் பல மடங்கு ஏறும், இறங்கும். "எப்போதாவது யாராவது கேலி செய்திருக்கிறார்களா" என்று கேட்டால் பாதிப் பள்ளி ஆம் என்று சொல்லும். அந்த எண் எதற்கும் உதவாது.

பொதுவாகக் கேட்கும் ஒரு கேள்வியோடு நிறுத்தாதீர்கள். செயல்களைத் தனித்தனியாக, பிள்ளைகள் பேசுகிற பேச்சிலேயே கேளுங்கள். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்களா, விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்கினார்களா, அடித்தார்களா தள்ளினார்களா, டிபன் பாக்ஸையோ காசையோ பிடுங்கினார்களா, பொய்யாக ஏதாவது கிளப்பிவிட்டார்களா, வாட்ஸ்அப் குழுவில் கிண்டல் செய்தார்களா. "துன்புறுத்தல்" என்று கேட்டால் இல்லை என்று சொல்லும் பையன், "உன்னை வேண்டுமென்றே ஒதுக்கினார்களா" என்றால் ஆம் என்பான். தன்னைத் துன்புறுத்தப்படுபவன் என்று ஒப்புக்கொள்வதே அவனுக்கு அவமானம். எதை வைத்து என்றும் ஒரு கேள்வி வேண்டும்: நிறம், உடம்பு, பேச்சு, படிப்பு, வீட்டு வசதி, சாதி, மதம், உடல் குறைபாடு. பிள்ளையின் சாதியைக் கேட்காதீர்கள். அவனைச் சீண்ட எது சாக்காக இருந்தது என்று மட்டும் கேளுங்கள். சீண்டியவர் ஆசிரியரோ வேறு பெரியவரோ என்று குறிப்பதற்கும் ஒரு கட்டம் விடுங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் ஒரு பகுதி உண்மையை நாமே மூடி வைத்ததாகும்.

இன்னும் மூன்று கேள்விகள் கட்டாயம் வேண்டும். எங்கே, எப்போது நடந்தது? யாரிடமாவது சொன்னாயா? உன் வகுப்பில் வேறு யாருக்காவது இப்படி நடப்பதைப் பார்த்தாயா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதன் அருமை கணக்குப் போடும்போது தெரியும்.

எங்கே என்பதற்குப் பட்டியல் போதும், ஆனால் படம் இன்னும் நல்லது. ரான் ஆவி ஆஸ்டரும் அவருடைய கூட்டாளிகளும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், ஆசிரியர்கள் கையில் பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, வன்முறை நடந்த இடத்தையும் நேரத்தையும் குறிக்கச் சொன்னார்கள். தாழ்வாரம், சாப்பாட்டுக் கூடம், வாகன நிறுத்துமிடம் என்று சில இடங்களில் புள்ளிகள் குவிந்தன. அங்கெல்லாம் அந்த நேரத்தில் பெரியவர்கள் இல்லை, அல்லது மிகக் குறைவு, அது தன் பொறுப்பு என்று எண்ணியவரும் இல்லை. உங்கள் பள்ளியின் தரைப்படத்தை ஒரு ஏ4 தாளில் வரைந்து, இடங்களுக்கு எண் போட்டு, சர்வேயின் கடைசிப் பக்கமாக வைத்துவிடுங்கள். பேருந்து, வாசலுக்கு வெளியே உள்ள சாலை, கைபேசி ஆகியவற்றுக்கும் எண் கொடுங்கள். இதே எண்களைப் புகார்ப் பதிவேட்டிலும் பயன்படுத்த வேண்டும். சர்வேயில் "மைதானம்" என்றும் பதிவேட்டில் "பின்பக்கம்" என்றும் இருந்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

சர்வே நடத்தும் விதத்தில்தான் பல பள்ளிகள் கோட்டை விடுகின்றன. வகுப்பாசிரியர் நடத்தக்கூடாது, வேறு பிரிவு ஆசிரியரோ ஆலோசகரோ நடத்தட்டும். தேர்வுக்கு உட்கார்வது போலத் தள்ளி உட்கார வையுங்கள். 6, 7 வகுப்புகளுக்கு ஒவ்வொரு கேள்வியையும் உரக்கப் படித்துவிடுங்கள். பெயர், எண், கையெழுத்து எதுவும் வேண்டாம். வகுப்பு, பிரிவு, ஆணா பெண்ணா, வருவது பேருந்திலா என்பது போதும். பேருந்து என்றால் தட எண். தாளை மடித்துப் பெட்டியில் அவர்களே போட வேண்டும்.

"இல்லை என்றால் இத்தோடு நிறுத்தலாம்" என்ற வகைக் கேள்வியை மட்டும் வைக்காதீர்கள். வகுப்பில் எல்லோரும் இரண்டு நிமிடத்தில் பேனாவை வைத்துவிட, துன்பப்படும் பிள்ளை மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருப்பான். பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடுவான். அந்தப் பிள்ளைக்கு இது தெரியும், அதனால் அவனும் "இல்லை" என்று குறித்துவிடுவான். எல்லோருக்கும் ஒரே நீளம் எழுத வேலை இருக்க வேண்டும். நடக்காதவர்களுக்கு "பார்த்தாயா, எங்கே பார்த்தாய்" என்ற கேள்விகள் இருந்தால் இது தானாகச் சரியாகிவிடும்.

வராத பிள்ளைகளை மறக்காதீர்கள். தொல்லை தாங்காமல் லீவு போடும் பிள்ளை சர்வே நாளன்றும் இல்லாமல் போகும் வாய்ப்பு அதிகம். அடுத்த வாரம் இன்னொரு முறை வைத்து அவர்களையும் எழுத வையுங்கள். அப்போதும் வராதவர்கள் எத்தனை பேர், எந்தப் பிரிவு என்று தனியே குறித்துவைத்தால், அதுவே ஒரு தகவல்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. ஜூனில் பள்ளி திறந்ததும் எடுத்தால் "கடந்த இரண்டு மாதம்" கோடை விடுமுறையில் போய் நிற்கும். ஆகஸ்ட் நடுவில், காலாண்டுத் தேர்வுப் பரபரப்புக்கு முன் எடுங்கள். அடுத்தடுத்த ஆண்டும் அதே வாரத்தில் எடுங்கள்.

பெயர் இல்லாத தாள் என்பதால் ஒரு கடமை முளைக்கிறது. யாராவது ஆபத்தில் இருப்பதாக எழுதிவிட்டு, நீங்கள் அவரைக் கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போகக்கூடாது. அதற்குத் தனித் துண்டுச் சீட்டு ஒன்று கொடுங்கள்: "ஒருவரிடம் பேச வேண்டும்" அல்லது "வேண்டாம்" என்று குறித்து, விரும்பினால் பெயர் எழுதலாம். எல்லோரும் அதை மடித்து வேறொரு பெட்டியில் போட வேண்டும், எழுதாதவர்களும்கூட. பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம். அதை ரகசியமாக வைத்திருப்போம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாளின் அடியில் 1098 எண்ணை அச்சிட்டுவிடுங்கள்.

இனிப் பதிவேடு. இப்போது உங்களிடம் இருப்பது பெரும்பாலும் தேதியும் ஒரு பத்தி விவரமும் கொண்ட நோட்டாக இருக்கும். அதை எண்ண முடியாது. இரண்டு நிமிடத்தில் நிரப்பக்கூடிய துண்டுப் படிவமாக மாற்றுங்கள். நடந்த தேதி, தெரியவந்த தேதி, எந்தப் பீரியட் அல்லது இடைவேளை, இட எண், என்ன வகை, முன்பும் நடந்ததா, எப்படித் தெரியவந்தது, என்ன செய்தோம், திரும்ப விசாரிக்க வேண்டிய நாள் ஆகியவை போதும். பெயர்கள் தனிப் பதிவேட்டில் பூட்டி இருக்கட்டும், படிவத்தில் குறியீட்டு எண் மட்டும். இது வெறும் சண்டையா, துன்புறுத்தலா என்று எழுதும் ஆசிரியரே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் எழுதட்டும். ஒரே குறியீட்டு எண் திரும்பத் திரும்ப வரும்போது அது தானாகத் தெரியும்.

இந்தக் கட்டங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது "எப்படித் தெரியவந்தது" என்பதுதான். பிள்ளையே சொன்னதா, இன்னொரு பிள்ளை சொன்னதா, ஆசிரியர் கண்ணால் பார்த்ததா, பெற்றோர் வந்து சொன்னதா? பெரும்பாலும் பெற்றோர் வழியாகவே தெரியவந்தால், பிள்ளைகள் உங்களைத் தாண்டி வீட்டில்தான் சொல்கிறார்கள் என்று பொருள். அதேபோல் நடந்த தேதிக்கும் தெரியவந்த தேதிக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி இருந்தால், தாங்க முடியாத கட்டத்தில்தான் வாய் திறக்கிறார்கள்.

இப்போது ஒரு பள்ளியை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை, உங்கள் பள்ளியின் அளவுக்கு ஏற்றபடி. 24 பிரிவுகள், 800 பிள்ளைகள். முதல் நாளில் 742 தாள், அடுத்த வாரம் வந்தவர்களிடம் 40 தாள். 14 தாளைத் தள்ள வேண்டியிருந்தது: எல்லாக் கேள்விக்கும் "வாரத்தில் பல முறை" என்று ஒரே கோடு இழுத்தவை, பேருந்தில் வராமலே பேருந்தில் அடி வாங்கியதாகக் குறித்தவை போன்றவை. எதைத் தள்ளுவது என்ற விதியைத் தாள்களைப் பிரிக்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிடிக்காத பதில்களைத் தள்ளும் ஆசை வரும். மிச்சம் 768 தாள். அதில் மாதத்தில் இரண்டு மூன்று முறை அல்லது அதற்கு மேல் என்று குறித்தவர்கள் 84 பேர். 11 சதவீதம்.

இந்த 84 பேரும் ஆளுக்கு இரண்டு இடம் வரை குறிக்கலாம். வகுப்பறை 41, பேருந்து 27, கழிப்பறைப் பக்கம் 22, மைதானம் 18, கைபேசி 15, வாசலுக்கு வெளியே 12. அதே இரண்டு மாதத்துப் பதிவேட்டில் இருக்கும் 19: மைதானம் 9, வகுப்பறை 6, வாசல் 3, பேருந்து 1. கழிப்பறையும் கைபேசியும் பூஜ்யம்.

பதிவேட்டை மட்டும் பார்த்தால் மைதானம்தான் பிரச்சினை என்று முடிவு கட்டி, அங்கே இன்னொரு ஆசிரியரை நிறுத்தியிருப்போம். மைதானத்தில் ஏற்கெனவே பி.டி. ஆசிரியர் நிற்கிறார், அதனால்தான் அங்கே பதிவு வருகிறது. பதிவு அதிகம் வரும் இடம் பல நேரம் கண்காணிப்பு உள்ள இடம்தான். கழிப்பறைப் பக்கத்தில் 22 பேர் குறித்திருக்க, பதிவு ஒன்றுகூட இல்லை. அங்கே யாரும் நிற்பதில்லை, வந்து சொல்பவர்களும் இல்லை.

சர்வேயை மட்டும் பார்த்தாலும் தவறு நேரும். வகுப்பறை 41 என்று முதலிடத்தில் நிற்கிறது. பிள்ளைகள் ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் அங்கேதான் இருக்கிறார்கள், எந்தப் பள்ளியில் எடுத்தாலும் அது மேலே வந்துவிடும். எத்தனை பேர், எவ்வளவு நேரம் அங்கே இருக்கிறார்கள் என்பதால் வகுத்துப் பார்க்காமல் இடங்களை ஒப்பிடக்கூடாது. மைதானத்தை 768 பேரும் பயன்படுத்துகிறார்கள், அதில் 18 என்றால் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். பேருந்தில் வருபவர்கள் 260 பேர்தான், அதில் 27 என்றால் 10 சதவீதத்துக்கு மேல். அதுவும் பேருந்தில் இருப்பது நாளுக்கு ஒன்றரை மணி நேரம். பட்டியலில் பேருந்து இரண்டாவதாக இருந்தாலும் உண்மையில் முதலிடம் அதற்குத்தான். பதிவேட்டில் அதற்கு ஒரே ஒரு வரி.

அந்த 27-ஐத் தட எண்படி பிரித்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஐந்து பேருந்துகளில் ஒன்றில் வரும் 54 பிள்ளைகளில் 14 பேர். மற்ற நான்கில் வரும் 206 பேரிலும் சேர்த்து 13 பேர். அந்த 14 பேரில் 11 பேர் மாலை நேரத்தைக் குறித்திருக்கிறார்கள். இதற்கு மேல் சர்வே சொல்லாது. ஒரு மாலை யாராவது அந்தப் பேருந்தில் போய்ப் பார்க்க வேண்டும். இந்த உதாரணத்தில் காரணம் இப்படி இருக்கட்டும்: கூடப் போகும் ஆசிரியை மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறார். அதற்குப் பிறகு இருபது நிமிடம் ஓட்டுநரைத் தவிர பெரியவர் யாரும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பின்வரிசையில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அவர்களுக்கு முன்வரிசையில். மாற்ற வேண்டியது உட்காரும் வரிசை, கூடப் போகும் ஆள். செலவு அதிகம் இல்லை. ஆனால் பதிவேட்டின் அந்த ஒரு வரியை வைத்து யாரும் இங்கே வந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

வகுப்பறை என்று குறித்த 41-ஐயும் நேரத்தோடு பாருங்கள். பாடம் நடக்கும்போதா, ஓர் ஆசிரியர் போய் அடுத்தவர் வருவதற்குள்ளா, மதிய உணவின்போதா? இதைப் பிரிக்காமல் "வகுப்பறை" என்று எழுதினால் வகுப்பாசிரியரைக் குற்றம் சொன்னது போல ஆகிவிடும்.

அடுத்தது பிரிவுகள். இங்கேதான் அவசரப்பட்டு ஒரு வகுப்புக்கு முத்திரை குத்திவிடும் ஆபத்து அதிகம். 8-பி பிரிவில் 32 பேரில் 7 பேர், அதாவது 22 சதவீதம். பள்ளி சராசரி 11. இரண்டு மடங்கு! ஆனால் 32 பேர் என்பது சின்ன எண். பள்ளி முழுக்க ஒரே அளவில் துன்புறுத்தல் இருந்தாலும், வெறும் தற்செயலாக ஒரு பிரிவில் 7 பேரோ அதற்கு மேலோ வர வாய்ப்பு எவ்வளவு? எக்செலில் இப்படிக் கேட்கலாம்:

```
=1-BINOM.DIST(6,32,0.11,TRUE)
```

விடை 0.055 வரும். நூறில் ஐந்தரை. கேட்பதற்குக் குறைவுதான். ஆனால் உங்களிடம் 24 பிரிவுகள் இருக்கின்றன, இந்த அளவுள்ள 24 பிரிவில் ஒன்றாவது சும்மா இப்படி மேலே வந்து நிற்பது எதிர்பார்க்கக்கூடியதே. ஆக இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து 8-பி-யைப் பற்றி எதையும் சொல்லக்கூடாது.

"பார்த்தாயா" என்ற கேள்வி உதவிக்கு வருவது இங்கேதான். துன்பப்பட்டவர்கள் 7 பேர்தான் என்றாலும் பார்த்ததைச் சொல்பவர்கள் வகுப்பு முழுக்க இருப்பார்கள், அந்த எண் அவ்வளவு தள்ளாடாது. பள்ளி முழுவதிலும் 30 சதவீதம் பேர் பார்த்ததாகச் சொல்கிறார்கள், 8-பி-யில் 32 பேரில் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். அது தற்செயல் அல்ல. இன்னொரு பிரிவில் 34 பேரில் 7 பேர் துன்பப்பட்டதாகச் சொல்லியும், பார்த்தவர்கள் 9 பேர்தான் என்றால், அங்கே நடப்பது வகுப்புக்கு வெளியே இருக்கலாம், பேருந்திலோ கைபேசியிலோ. அல்லது அந்த எண் தற்செயலாக ஏறியிருக்கலாம். இரண்டு பிரிவிலும் ஒரே 7, ஆனால் செய்ய வேண்டியது வேறு வேறு.

இதற்கு நேர்மாறான பிரிவையும் கவனியுங்கள்: துன்பப்பட்டவர் ஒருவரும் இல்லை, பார்த்தவர்கள் பாதி வகுப்பு. அங்கே பிள்ளைகள் தன்னைப் பற்றி எழுதப் பயந்திருக்கிறார்கள். தாளை யார் வாங்கினார், மேசைக்கு மேசை யார் நடந்தார் என்று விசாரியுங்கள்.

"யாரிடம் சொன்னாய்" என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 84 பேரில் 15 பேர் ஆசிரியரிடம் சொன்னதாகக் குறித்திருக்கிறார்கள். பதிவேட்டில் "பிள்ளையே சொன்னது" என்று இருப்பது 6. குறைந்தது ஒன்பது பிள்ளைகள் ஆசிரியரிடம் வந்து சொல்லியும் அது எழுத்தில் ஏறவில்லை. துணிந்து வந்து சொன்ன பிள்ளையை நாம் கைவிட்ட இடம் இது என்பதால், எல்லா எண்களிலும் என்னை மிகவும் வருத்துவது இதுதான். இதைச் சரிசெய்ய சர்வேயோ வரைபடமோ வேண்டியதில்லை, ஆசிரியர் அறையில் அந்தத் துண்டுப் படிவக் கட்டு கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், எழுதியவரை யாரும் குறை சொல்லக்கூடாது.

அதனாலேயே, பிரிவுவாரி எண்களை ஆசிரியர் மதிப்பீட்டுக்கோ, பரிசுக்கோ, அறிவிப்புப் பலகைக்கோ கொண்டுபோகாதீர்கள். ஒரு முறை அப்படிச் செய்தால் போதும், அடுத்த ஆண்டு எல்லாப் பிரிவிலும் பூஜ்யம் வந்து நிற்கும். நியூயார்க்கில் நடந்ததை உங்கள் கட்டடத்துக்குள்ளேயே நடத்திக்கொண்டது போலாகும். பிரிவு, ஆண் பெண், காரணம் என்று துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டே போகும்போது ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்கும் குறைவாக வந்தால் அந்த எண்ணை அறிக்கையில் போடாதீர்கள். "7-சி, பெண், உடல் குறைபாடு, 1" என்று எழுதினால் அது யார் என்று பள்ளிக்கே தெரிந்துவிடும். பிள்ளைகள் சொந்தமாக எழுதிய வரிகளையும் அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள், கையெழுத்தும் பேச்சும் காட்டிக்கொடுக்கும்.

ஆறு மாதம் கழித்து என்ன எதிர்பார்ப்பது? பிப்ரவரியில் சுருக்கமாக இன்னொரு முறை எடுக்கிறீர்கள். பதிவேட்டில் இரண்டு மாதப் பதிவு 19-லிருந்து 31 ஆகியிருக்கிறது, சர்வேயில் 11 சதவீதம் 9 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் முதலில் 31-ஐப் பார்த்துப் பதறும். சர்வே ஏறாமல் பதிவு ஏறினால், பிள்ளைகள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள், ஆசிரியர்கள் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். அதை நிர்வாகத்திடம் சர்வே எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள், பின்னால் சொன்னால் சமாதானம் சொல்வது போல இருக்கும். சர்வேயும் பதிவும் சேர்ந்து ஏறினால்தான் கவலை. சர்வே ஏறிப் பதிவு இறங்கினால் அதைவிடக் கவலை.

அதே சமயம் 11 என்பது 9 ஆனதையும் கொண்டாடாதீர்கள். இந்த அளவுள்ள பள்ளியில் இரண்டு புள்ளி வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. ஆகஸ்டும் பிப்ரவரியும் ஒன்றல்ல. ஆண்டின் தொடக்கத்தில் புதுப் பிள்ளைகள் இடம் பிடிக்கும் காலத் தொல்லை பிப்ரவரிக்குள் ஓரளவு அடங்கியிருக்கலாம். முழுப் பள்ளி எண்ணை ஆகஸ்டுக்கு ஆகஸ்ட்தான் ஒப்பிட வேண்டும்.

அந்தப் பேருந்தில் 54-ல் 14 ஆக இருந்தது 52-ல் 5 ஆகியிருந்தால், அது பெரிய வீழ்ச்சி. அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. உச்சத்தில் இருப்பதைத் தேடி எடுத்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை அது கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், ஏனென்றால் முதல் முறை உச்சிக்குப் போனதில் தற்செயலுக்கும் ஒரு பங்கு இருந்தது. ஆகவே கேள்வியை இப்படிக் கேளுங்கள்: ஆகஸ்டில் அதற்கு அடுத்தபடியாக இருந்து, நாம் கை வைக்காமல் விட்ட இடம் எவ்வளவு இறங்கியது? கழிப்பறைப் பக்கம் 22 அப்படியே 21 என்று நிற்க, பேருந்து மட்டும் விழுந்திருந்தால், கூடப் போன ஆளாலும் மாற்றிய வரிசையாலும் வந்த பலன் என்று ஓரளவு நம்பலாம். தொல்லை இடம் மாறிவிடவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்தில் குறைந்து, அதே பிள்ளைகள் இறங்கும் நிறுத்தத்தில் ஏறியிருக்கலாம். தரைப்படத்தில் வாசலுக்கு வெளியேயும் எண் கொடுக்கச் சொன்னது அதற்காகத்தான்.

முதல் சர்வே முடிந்த இரண்டு வாரத்துக்குள் பிள்ளைகளிடம் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்லிவிடுங்கள்: பள்ளி முழுக்க இவ்வளவு பேர் எழுதியிருந்தீர்கள், இந்த இடங்களைக் குறித்திருந்தீர்கள், இதை இன்றிலிருந்து மாற்றுகிறோம். எந்தப் பிரிவின் பெயரும் வேண்டாம். பேருந்துத் தடத்தின் எண்ணைக்கூடச் சொல்லாமல் "பேருந்துகளில்" என்று சொன்னால் போதும், இல்லாவிட்டால் யார் எழுதியது என்ற தேடல் அன்று மாலையே பின்வரிசையில் தொடங்கிவிடும்.